“உங்கள் விலை அதிகம்” என்று கொள்முதல் குழு சொல்லும்போது

கேள்வி: ஐயா, நான் பட்டர்வொர்த்தில் சிறிய துப்புரவுச் சேவை நிறுவனம் நடத்துகிறேன். பணியாளர்கள் எல்லாரும் உள்ளூர்க்காரர்கள். பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு தொழிற்சாலைக்கு 12 பணியாளர்கள், ஓர் இரவு மேற்பார்வையாளர், ஒரு மாற்றுப் பணியாளர் என்று கணக்கிட்டு, மாதம் 35,400 ரிங்கிட்டுக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தத்திற்கு விலை கொடுத்தேன். சென்ற வாரம் ஐவர் கொண்ட குழுவின் முன் விளக்கம் அளித்தோம். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது கொள்முதல் மேலாளர், “உங்கள் விலை மிகக் குறைந்த விலையைவிட 18 விழுக்காடு அதிகம்” என்றார். எனக்குப் படபடப்பாகிவிட்டது. குறைந்தபட்சச் சம்பளம் உயர்ந்தது, நாங்கள் சட்டப்படி எல்லாம் கட்டுகிறோம், அந்த விலையில் செய்பவர்கள் ஆள்களை ஏமாற்றித்தான் செய்ய முடியும் என்று நீளமாகப் பேசிவிட்டேன். என் தம்பியும் இடையில் புகுந்து பேசினான். கடைசியில், “10 விழுக்காடு குறைத்துக்கொள்கிறோம்” என்று நானே சொல்லிவிட்டேன். ரசாயனம், இயந்திரத் தேய்மானம், சீருடை ஆகியவற்றுக்கே மாதம் 3,200 ரிங்கிட் ஆகும். முடிவு இன்னும் வரவில்லை. அந்தக் கேள்விக்கு நான் எப்படிப் பதில் சொல்லியிருக்க வேண்டும்? சொன்ன தள்ளுபடியைத் திரும்பப் பெற முடியுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பினாங்கு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விலை கேட்கும் மேசைக்கு அந்தப் பக்கம் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் நான். இப்போது விலை கொடுப்பவர்களுக்குப் பயிற்சி அளிக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் உங்கள் கூட்டம் எப்படித் தெரிந்திருக்கும் என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஏனெனில் உங்கள் பதில் தடம் மாறியதற்குக் காரணம் பேச்சுத்திறன் குறைவு அன்று. கேட்கப்பட்ட கேள்வியை நீங்கள் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டதுதான்.

அந்த வாக்கியம் எதற்காகச் சொல்லப்பட்டது

கொள்முதல் மேலாளர் மிகக் குறைந்த விலையைத் தேர்ந்தெடுத்தால் யாரும் அவரைக் காரணம் கேட்க மாட்டார்கள். அதைவிட உயர்ந்த விலையைப் பரிந்துரைத்தால், மதிப்பீட்டு அறிக்கையில் அதற்கான காரணத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஆகவே “18 விழுக்காடு அதிகம்” என்று அவர் சொன்னது பெரும்பாலும், “இந்தக் காரணத்தை நான் எப்படி எழுதுவது?” என்ற கேள்விதான். உங்களுக்கு வேலை கொடுக்கக் கொஞ்சமும் எண்ணமில்லாத குழு, விலையைப் பற்றிப் பேசவே மெனக்கெடாது. நன்றி சொல்லி அனுப்பிவிடும். உங்களை விரும்பும் உறுப்பினர் ஒருவர் அந்த அறையில் இருந்திருந்தாலும், நீங்கள் வெளியேறிய பிறகு அவர்தான் உங்களுக்காக வாதாட வேண்டும். அவர் அப்போது திரும்பச் சொல்லக்கூடிய இரண்டு மூன்று வாக்கியங்களை அவர் கையில் கொடுத்துவிட்டு வருவதே உங்கள் வேலை. நீங்கள் கொடுத்துவிட்டு வந்ததோ சம்பள உயர்வு பற்றிய வருத்தத்தையும், பெயர் தெரியாத போட்டியாளர் மீது ஒரு குற்றச்சாட்டையும். இவை இரண்டில் எதையும் அறிக்கையில் எழுத முடியாது.

இதே வாக்கியம் வேறு பொருளிலும் வரும். ஒதுக்கீட்டுத் தொகையை உங்கள் விலை தாண்டியிருக்கலாம். அப்போது போட்டியாளரின் விலை எவ்வளவாக இருந்தாலும் பயனில்லை. சில வேளைகளில் அது வெறும் வழக்கமான கேள்வியாகவும் இருக்கும். நம் ஊரில் எந்தப் பேச்சுவார்த்தையிலும் சிரித்துக்கொண்டே “போலே குராங்?” என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. அதற்கு, “பணியின் அளவு இதே அளவாக இருக்கும்வரை எங்கள் விலை இதுதான்” என்று நீங்களும் சிரித்த முகத்தோடு சொன்னால் போதும். விளக்கம் தொடங்கினால்தான் சிக்கல். எந்தப் பொருளில் கேட்கிறார்கள் என்பது விளங்காவிட்டால், “மற்ற விலைகளோடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்களா, உங்கள் ஒதுக்கீட்டோடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்களா?” என்று ஒரே ஒருமுறை கேளுங்கள். விடை சொல்ல அவர்களுக்கு விருப்பமில்லையென்றால் விட்டுவிடுங்கள். உங்கள் விஷயத்தில் மேலாளர் ஒப்பீட்டைத் தாமே சொல்லிவிட்டார் என்பதால் அந்தக் கேள்விக்கே தேவை இருக்கவில்லை.

போட்டியாளர் ஏமாற்றித்தான் செய்கிறாரா?

உங்கள் கடிதத்தில் நான் திருத்த விரும்பும் முதல் எண்ணம் இது. கூட்டத்துக்குப் போகுமுன் இந்தக் கணக்கை நீங்கள் ஒருமுறை போட்டிருந்தால், அந்தச் சொற்கள் உங்கள் வாயில் வந்திருக்காது.

18 விழுக்காடு அதிகம் என்றால் மிகக் குறைந்த விலை ஏறக்குறைய 30,000 ரிங்கிட். உங்களுக்கும் அதற்கும் இடையே 5,400 ரிங்கிட். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதன்மேல் முதலாளியின் இ.பி.எஃப். பங்கு 13 விழுக்காடு, அதாவது 221 ரிங்கிட். சொக்சோவும் இ.ஐ.எஸ்.ஸும் சேர்ந்து ஏறத்தாழ 33 ரிங்கிட். ஆகவே ஒரு பணியாளருக்குச் சட்டப்படி ஆகும் செலவு மாதம் சுமார் 1,954 ரிங்கிட். 12 பேருக்கு 23,448 ரிங்கிட். 30,000 ரிங்கிட் கேட்பவர் இதை முழுமையாகக் கட்டிய பிறகும் அவரிடம் 6,500 ரிங்கிட்டுக்குமேல் மிஞ்சும். அவர் ஒருவரையும் ஏமாற்றாமலேயே அந்த விலையைக் கொடுத்திருக்க முடியும்.

ஆனால் உங்களைப் போல் ஓர் இரவு மேற்பார்வையாளரையும் ஒரு மாற்றுப் பணியாளரையும் வைத்தால் என்ன ஆகும்? மேற்பார்வையாளரின் சம்பளம் 2,200 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் பங்களிப்புகளோடு சுமார் 2,530 ரிங்கிட், மாற்றுப் பணியாளருக்கு 1,954 ரிங்கிட். மொத்த ஆள் செலவு ஏறக்குறைய 27,930 ரிங்கிட் ஆகிவிடும். மீதமுள்ள 2,070 ரிங்கிட்டில், உங்களுக்கே 3,200 ரிங்கிட் ஆகும் ரசாயனத்தையும் இயந்திரத்தையும் சீருடையையும் அவர் சமாளித்து, இலாபமும் பார்க்க வேண்டும். ஆகவே அவருடைய விலையில் இவ்விருவரில் ஒருவராவது இல்லாமல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அல்லது ஒரு மேற்பார்வையாளர் பல இடங்களைச் சுற்றி வருபவராக இருக்கலாம். அவர் வேறு வகையான சேவைக்கு விலை சொல்லியிருக்கிறார். அந்த 5,400 ரிங்கிட்டின் பெரும்பகுதிக்கு விளக்கம் உங்கள் கையிலேயே இருந்தது: மேற்பார்வையாளரும் மாற்றுப் பணியாளரும் சேர்ந்து ஏறக்குறைய 4,480 ரிங்கிட்.

ஓர் எச்சரிக்கை. அவருடைய விலைப்பட்டியலை நீங்கள் பார்த்ததில்லை. மேலே போட்டது வெறும் அனுமானம். அதை வாதத்துக்கான அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள்; குழுவின் முன் அவரைப் பற்றிய செய்தியாகச் சொல்லாதீர்கள்.

குறைந்தபட்சச் சம்பளத்தைக் காரணமாகச் சொன்னதும் இப்போது உங்களுக்கே வேறு விதமாகத் தெரியும். 1,700 ரிங்கிட் எல்லாருக்கும் பொதுவானது. எல்லாருக்கும் உள்ள செலவு உங்கள் விலை மட்டும் ஏன் அதிகம் என்பதை விளக்காது. நிதி அதிகாரி ஒருவர் அதைக் கேட்டவுடன், “இவரிடம் உண்மையான விளக்கம் இல்லை” என்ற முடிவுக்கு வந்துவிடுவார்.

சொல்லியிருக்க வேண்டியது

கூட்டத்தில் ஆங்கிலத்திலோ மலாயிலோ பேசியிருப்பீர்கள். கருத்து இவ்வளவுதான்:

“ஆம், நாங்கள் குறைந்த விலை கேட்டவர்கள் அல்லர். எங்கள் விலையில் இரண்டு இனங்களுக்கு மட்டும் மாதம் ஏறக்குறைய 4,480 ரிங்கிட் ஆகிறது. ஒன்று, இரவு முழுவதும் உங்கள் ஆலையிலேயே இருக்கும் மேற்பார்வையாளர். மற்றொன்று, விடுப்பில் போகிறவரின் இடத்தை நிரப்பும் மாற்றுப் பணியாளர். 12 பேரும் தங்களுக்குரிய குறைந்தபட்ச 8 நாள் ஆண்டு விடுப்பை மட்டும் எடுத்தாலே ஆண்டில் 96 நாள்கள் ஓர் இடம் காலியாக இருக்கும். மற்ற விலைகளில் இவ்விரண்டும் அடங்கியிருக்கின்றனவா என்பதை நீங்கள்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். இவற்றில் ஒன்று உங்களுக்குத் தேவையில்லை என்றால், அதை நீக்கிய விலையை நாளைக்கே எழுத்தில் தருகிறோம்.”

அவ்வளவுதான். நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

முதல் வாக்கியத்தைக் கவனியுங்கள். அது உண்மையை ஒப்புக்கொள்கிறது. “ஆனால்” என்று தொடரவில்லை. விலை அதிகம் என்பதை நீங்களே அமைதியாகச் சொல்லிவிட்டால், அதை நிரூபிக்க வேண்டிய தேவை எதிரில் இருப்பவருக்கு இல்லாமல் போகிறது. இரண்டாவதாக, பதில் முழுத்தொகையை நியாயப்படுத்தவில்லை. வித்தியாசத்தை மட்டும் தொடுகிறது. 35,400 ரிங்கிட்டையும் விளக்கப் புறப்படுகிறவர் துடைப்பத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அந்த வித்தியாசத்திலும் 920 ரிங்கிட்டை விளக்காமல் விட்டிருக்கிறேன். அது மறதியால் விடுபட்டதன்று. ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் கணக்குச் சொல்லும்போதுதான் தற்காப்புத் தொனி வந்துவிடுகிறது. நிதி அதிகாரி அதைத் தனியே கேட்டால், “அது நிர்வாகச் செலவும் எங்கள் இலாபமும்” என்று கூச்சப்படாமல் சொல்லலாம். இலாபம் இல்லாத ஒப்பந்தக்காரர் பாதியில் விட்டுப் போவார் என்பது அவர்களுக்கும் தெரியும்.

96 என்ற எண்ணும் வெறுமனே சேர்க்கப்பட்டதன்று. “தரம்”, “அனுபவம்” என்பவை எல்லா நிறுவனங்களும் சொல்பவை. அவற்றை யாராலும் எண்ண முடியாது. காலியாகும் 96 நாள்களைத் தொழிற்சாலையின் வசதிகள் மேலாளர் தம் கழிவறைகளோடு உடனே பொருத்திப் பார்த்துவிடுவார். மருத்துவ விடுப்பு ஆண்டுக்குக் குறைந்தது 14 நாள்கள் உண்டு என்பதையும் சேர்த்தால் எண் இன்னும் பெருகும். ஆனால் எல்லாரும் முழு மருத்துவ விடுப்பையும் எடுப்பதில்லை, ஆகவே அதைச் சேர்க்காதீர்கள். எதிரில் இருப்பவர் குறைத்துப் பேச முடியாத எண்ணையே எடுத்துச் செல்ல வேண்டும்.

கூர்மையான நிதி அதிகாரி இங்கே ஒரு கேள்வி கேட்பார்: “96 நாள்களுக்காக ஆண்டு முழுவதும் ஓர் ஆளுக்கு நாங்கள் சம்பளம் கொடுக்க வேண்டுமா?” இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, இங்கேதான் பலர் தடுமாறிப் போகிறார்கள். நியாயம் இருப்பதை ஒப்புக்கொண்டு மாற்று வழியை வையுங்கள். “மாற்றுப் பணியாளரை எங்கள் வேறோர் இடத்தோடு பகிர்ந்துகொண்டால் மாதம் 975 ரிங்கிட் குறையும். ஆனால் அப்போது மாற்றாள் வேலை தொடங்கும் நேரத்துக்கே இருக்க மாட்டார்; இரண்டு மணி நேரத்துக்குள் வந்து சேர்வார்.” விலை குறைந்தால் எது குறையும் என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறீர்கள், முடிவு அவர்கள் கையில் இருக்கிறது.

குரலும் தம்பியும்

கேள்வி முடிந்ததும் இரண்டு மூன்று விநாடிகள் ஒன்றும் பேசாமல் இருங்கள். எண்ணைக் குறித்துக்கொள்வது போல் தாளில் “18” என்று எழுதினால் அந்த மௌனம் இயல்பாகத் தோன்றும்; மூச்சும் சீராகும். கேட்டவரின் முகத்தைப் பார்த்துத் தொடங்கி, ரிங்கிட் கணக்கு வரும்போது நிதி அதிகாரியைப் பாருங்கள். கடைசி வாக்கியத்தைச் சொன்னதும் நிறுத்திவிடுங்கள். அதற்குப்பின் வரும் மௌனம்தான் ஆபத்தானது. உங்களுக்கு அது ஒப்புதலின்மை போல் தோன்றும். உண்மையில் பெரும்பாலும் அவர்கள் எழுதிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் 10 விழுக்காட்டை வாய்விட்டது இப்படிப்பட்ட ஒரு மௌனத்தில்தான் என்று நினைக்கிறேன்.

நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த காலத்தில், ஒரு விற்பனையாளர் தம் விலையைத் தெளிவாக விளக்கி முடித்தார். எங்கள் நிதி அதிகாரி கணிப்பொறியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. விற்பனையாளர் தாமாகவே 5 விழுக்காடு குறைத்தார். நிதி அதிகாரி நிமிர்ந்து, “நான் உங்கள் பழைய விலையைத்தான் ஏற்றிக்கொண்டிருந்தேன்” என்றார். அறையில் எல்லாரும் சிரித்தோம், அவர் ஒருவரைத் தவிர.

பயிற்சிக்கு உங்கள் கைப்பேசி போதும். தம்பியை அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லச் சொல்லி, உங்கள் பதிலைப் பதிவு செய்து கேளுங்கள். “ஆக்சுவலி”, “டு பி ஹானஸ்ட்” போன்றவை எத்தனை முறை வருகின்றன என்று எண்ணுங்கள். பின்னது இதுவரை சொன்னதெல்லாம் உண்மையில்லையோ என்று நினைக்க வைக்கும். வாக்கியத்தின் முடிவில் குரல் மேலே ஏறினால் அது கெஞ்சலாகக் கேட்கும். தொகையைச் சொல்லும்போது குரல் தாழ்ந்து முடிய வேண்டும். தம்பி உதவி செய்யத்தான் பேசியிருப்பார். ஆனால் விலையைப் பற்றி இருவர் பேசினால், உள்ளே ஒத்த கருத்து இல்லை என்றே குழு எடுத்துக்கொள்ளும். விலைக் கேள்விக்கு நீங்கள் மட்டும் பதில் சொல்வது, பணி முறை பற்றிய கேள்விகளுக்கு அவர் பதில் சொல்வது என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள்.

சொல்லிவிட்ட தள்ளுபடி

திருத்த வேண்டிய இரண்டாவது எண்ணம், தள்ளுபடி நிலைமையைக் காப்பாற்றும் என்று கூட்டத்தில் நீங்கள் நினைத்தது. அது காப்பாற்றவில்லை. பணியில் எதையும் குறைக்காமல் 3,540 ரிங்கிட்டை விட்டுக்கொடுத்தால், இவ்வளவு நேரமும் அந்தத் தொகை எதற்காக விலையில் இருந்தது என்ற கேள்வி எழும். மேலும் 31,860 ரிங்கிட்டில் ஆள் செலவு 27,930 போக, 3,200 ரிங்கிட்டும் போனால் மிஞ்சுவது 730 ரிங்கிட். அதிலிருந்துதான் அலுவலகச் செலவும் உங்கள் உழைப்புக்கான கூலியும் வர வேண்டும்.

திரும்பப் பெறலாமா என்றால், 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, ஏற்பு முழுமையாகும்வரை முன்மொழிவைத் திரும்பப் பெற இடம் கொடுக்கிறது. ஏற்புக் கடிதம் அனுப்பப்பட்டுவிட்டாலே அந்த வழி அடைபடலாம். ஆகவே காலம் முக்கியம். அதே வேளையில் டெண்டர் ஆவணத்தை எடுத்து மூன்றைப் பாருங்கள்: விலை எத்தனை நாள் செல்லுபடியாகும் என்ற விதி, விளக்கக் கூட்டத்துக்குப் பின் விலையை எப்படித் திருத்த வேண்டும் என்ற விதி, உத்தரவாதத் தொகை கட்டியிருந்தால் அது பறிமுதலாகும் நிலை. இவற்றில் ஏதேனும் தெளிவாக இல்லையென்றால் கடிதம் அனுப்புமுன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

“தள்ளுபடியைத் திரும்பப் பெறுகிறேன்” என்று மட்டும் எழுதினால் நம்பிக்கை குறையும். கொள்முதல் மேலாளருக்கு, டெண்டர் அனுமதிக்கும் வழியில், விளக்கக் கடிதமாக எழுதுங்கள். கூட்டத்தில் சொன்ன 10 விழுக்காடு பணியின் அளவைக் கணக்கிடாமல் சொல்லப்பட்டது, அதை இந்தக் கடிதம் மாற்றுகிறது என்று ஒரு வாக்கியத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். அடுத்து இரண்டு விலைகளை வையுங்கள்: இப்போதைய பணியமைப்புக்கு 35,400 ரிங்கிட், மாற்றுப் பணியாளரைப் பகிர்ந்துகொண்டால் 34,425 ரிங்கிட். மேற்பார்வையாளரை நீக்கும் வழியை நீங்களாக முன்வைக்க வேண்டாம். இரவில் பிரச்சினை வரும்போது பழி உங்கள் மேல்தான் விழும். 31,860 ரிங்கிட்டுக்குக் குறைவாக இருந்தால்தான் வேலை என்று அவர்கள் உறுதியாக நின்றால் இந்த ஒப்பந்தம் கிடைக்காமல் போகலாம். உங்கள் கணக்கைப் பார்த்தபின், அதை இழப்பாக நான் கருதவில்லை.

அந்தக் கடிதத்திலேயே மற்றொன்றையும் சேர்த்துவிடுங்கள். குறைந்தபட்சச் சம்பளத்தை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டத்தில் உள்ளது. உங்கள் ஒப்பந்தமும் இரண்டு ஆண்டு. 2025 பிப்ரவரியில் 1,500 ரிங்கிட் 1,700 ஆனதைப் போல மீண்டும் 200 ரிங்கிட் உயர்ந்தால், பங்களிப்புகளோடு 13 பேருக்கு மாதம் ஏறக்குறைய 2,990 ரிங்கிட் கூடும். சம்பளச் சட்டம் மாறினால் அந்த உயர்வின் அளவுக்கு மட்டும் விலை திருத்தப்படும் என்ற விதியை இப்போதே கேளுங்கள். கூட்டத்தில் நீங்கள் வருத்தத்தோடு சொன்ன குறைந்தபட்சச் சம்பளம் உண்மையில் இடம்பெற வேண்டியது இந்த விதியில்தான்.